பெயர் சொல்லாமல் ஒப்பிடுதல்: தையல் நோட்டு ஒன்றுக்குக் கேப்ஷன் எழுதும் முறை

கையால் தைத்த நோட்டுகளை விற்கும் ஒருவர், தம் நோட்டின் படத்துக்குக் கீழே இப்படி ஒரு கேப்ஷன் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்: "மற்ற நோட்டுகளைப் போல இரண்டே மாதத்தில் பிரிந்துவிடாது. மட்டமான பசையைத் தடவி ஏமாற்றும் வேலை எங்களிடம் இல்லை." இதில் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை. ஆனாலும் பசை நோட்டு செய்பவர்கள் அனைவரும் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லியாகிவிட்டது. இரண்டு மாதம் என்ற கணக்குக்கு ஆதாரம் கிடையாது. தம் நோட்டில் என்ன இருக்கிறது என்பதோ கடைசிவரை வரவே இல்லை. இதையே படிப்படியாகத் திருத்துவோம்.

முதல் படி, எதனோடு ஒப்பிடுகிறோம் என்று முடிவுசெய்வது. "மற்ற நோட்டுகள்" என்றால் அவற்றைச் செய்கிறவர்கள் மீது பழி விழுகிறது. "பசை பைண்டிங்" என்றால் ஒரு செய்முறையைப் பற்றி மட்டும் பேசுகிறோம். வாங்குபவர் நம் பொருளை எடுக்காவிட்டால் வேறு எந்த வகையை எடுப்பாரோ, அந்த வகையைக் குறிக்கும் பொதுப்பெயரே நமக்குத் தேவை.

இரண்டாம் படி, ஒரே ஒரு வேறுபாட்டை எடுத்து, அதன் காரணத்தைக் கண்டறிந்து, கையால் சோதித்துப் பார்ப்பது. இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பசை பைண்டிங்கில் தாள்களின் ஓரத்தை வெட்டி, முதுகில் பசையிட்டு அட்டையோடு ஒட்டுகிறார்கள். அதனால் நோட்டை அகலமாக விரிக்கும்போது அந்த இழுவை முழுவதையும் பசையே தாங்குகிறது. தையலில் தாள்களை மடித்துக் கட்டுகட்டாக அடுக்கி, மடிப்பின் வழியாகவே நூலை ஓட்டுவதால் பக்கங்கள் மடிப்பிலிருந்து தட்டையாக விரிகின்றன. நோட்டை மேசைமேல் வைத்து நடுவில் திறந்து கையை எடுத்துப் பாருங்கள். பிறகு பத்தாவது பக்கத்திலும் அப்படியே செய்யுங்கள். நடுவில் தட்டையாகக் கிடக்கும் நோட்டு தொடக்கப் பக்கங்களில் மெல்ல மூடிக்கொள்ளக்கூடும். அப்படியானால் "எந்தப் பக்கத்திலும்" என்று எழுத உங்களுக்கு உரிமையில்லை. அதேபோல, நன்றாக விரிந்துகொடுக்கும் நெகிழ்வான பசைகளும் புழக்கத்தில் இருப்பதால், "பசை நோட்டு விரியாது" என்று ஒரேயடியாகச் சொல்வதும் தவறு.

மூன்றாம் படி, மற்ற வகை எங்கே பொருந்தும் என்பதை மனமார ஒப்புக்கொள்வது. தையல் நோட்டில் ஒரு தாளை மடித்தால் இரண்டு இதழ்கள். ஒன்றைக் கிழித்தால், மடிப்புக்கு அப்பால் இருக்கும் அதன் ஜோடி இதழும் பிடிமானம் இழந்து கழன்றுவரும். அடிக்கடி தாள் கிழித்துக் கொடுப்பவருக்குச் சுருள்கம்பி நோட்டுதான் சரி. இதை எழுதினால் விற்பனை குறையும் என்று பலர் அஞ்சுகிறார்கள். என் கருத்தில், பொருந்தாத ஒருவர் வாங்கி ஏமாந்துபோவதைவிட அவர் வாங்காமலிருப்பதே மேல்.

இப்போது கேப்ஷனை எழுதலாம். இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் முதல் ஓரிரு வரிகள் மட்டுமே முதலில் தெரியும் என்பதால், முக்கிய வேறுபாடு அங்கேயே வந்துவிட வேண்டும்:

"நடுப்பக்கத்தைத் திறந்து கையை எடுங்கள், தட்டையாகவே இருக்கும். முதுகில் பசையிட்டு ஒட்டுவதற்குப் பதிலாக, இதன் தாள்களை மடித்து மடிப்பிலேயே தைத்திருக்கிறோம். தொடர்ந்து எழுதுபவர்களுக்கும் வரைபவர்களுக்கும் ஏற்றது. அடிக்கடி தாள் கிழிப்பவர் என்றால் உங்களுக்குச் சுருள்கம்பி நோட்டே வசதி."

வெளியிடும் முன், இதைப் படிப்பவர் மனத்தில் குறிப்பிட்ட ஒரு நிறுவனம் வந்து நிற்கிறதா என்று பாருங்கள். போட்டியாளரின் அட்டை நிறம், அவர்களுடைய விளம்பர வாசகத்தின் சாயல், படத்தின் ஓரத்தில் மங்கலாகத் தெரியும் அவர்களுடைய பொருள், அவர்கள் பெயரில் ஒரு ஹேஷ்டேக் ஆகிய எதுவும் பெயரைச் சொல்வதற்குச் சமம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு விளம்பர நெறிமுறை, போட்டியாளரை மறைமுகமாக அடையாளம் காட்டும் விளம்பரத்தையும் ஒப்பீட்டு விளம்பரமாகவே கருதுகிறது. உங்கள் துறையில் விற்பவர்கள் இருவர் மட்டுமே என்றால் செய்முறையின் பெயரே மற்றவரைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்நிலையில் உங்களுடைய பழைய மாதிரியோடு ஒப்பிடுங்கள். அல்லது பக்கம் மூடாமலிருக்கக் கிளிப் மாட்டும் பழக்கத்தோடு ஒப்பிடுங்கள்.

பதிவின் கீழே யாராவது ஒரு நிறுவனத்தைப் பெயர்சொல்லி, "அதைவிட இது நல்லதா?" என்று கேட்கத்தான் செய்வார்கள். அந்தப் பெயரைத் திரும்ப எழுதாமல் இப்படிப் பதில் சொல்லலாம்: "எங்கள் நோட்டு மடிப்பில் தைத்தது, நடுவில் தட்டையாக விரியும். உங்களிடம் இருப்பதையும் மேசைமேல் திறந்து வைத்துப் பாருங்கள். அது மூடாமல் இருந்து, உங்களுக்கு வசதியாகவும் இருந்தால் மாற்றத் தேவையில்லை."