கவுண்டர் பேசின் பொருத்துவது எப்படி: வெட்டின விளிம்பு, குழாய்த் துளை, பாப்-அப் வேஸ்ட்

நான் முதன்முதலில் பொருத்திய பேசின் ஏழு மாதம் எந்தத் தொந்தரவும் தரவில்லை. எட்டாம் மாதம் குழாய்க்குப் பக்கத்தில் மைக்கா லேசாகப் புடைத்திருந்தது, விரலால் அழுத்தினால் அடியில் பலகை பிஸ்கட் மாதிரி அமுங்கியது. ஒரு பைப்கூட ஒழுகவில்லை. பேசினுக்காக நான் வெட்டின ஓட்டையின் விளிம்பை அப்படியே பச்சையாக விட்டிருந்தேன், விளிம்புக்கு அடியில் கசிந்த சொட்டுத் தண்ணீரையெல்லாம் அது உறிஞ்சிக்கொண்டே இருந்திருக்கிறது. அதனால் இந்தப் பதிவில் அந்த விளிம்புக்கும், ஆரம்பத்தில் எல்லோரும் தடுமாறும் பாப்-அப் வேஸ்ட்டுக்கும்தான் அதிக இடம்.

இங்கே சொல்வது, கிண்ணம் ஓட்டைக்குள் இறங்கி விளிம்பு மட்டும் கவுண்டர் மேல் உட்காரும் பேசின். குழாய்த் துளை பேசினிலேயே பின்பக்கம் இருக்கும், குழாய்க்குப் பின்னால் ஒரு சின்னக் கம்பியைத் தூக்கினால் வேஸ்ட் மூடிக்கொள்ளும். கவுண்டர் 18 மி.மீ. பிளைவுட்டோ பார்ட்டிகிள் போர்டோ, மேலே மைக்கா. கல் கவுண்டர் என்றால் ஓட்டை போடுவதைக் கல் வெட்டுபவரிடமே விட்டுவிடுங்கள், குழாயும் வேஸ்ட்டும் மாட்டுவது இதே முறைதான்.

1. கோடு போடுவது

பேசினோடு அட்டை அச்சு வந்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள். வராவிட்டால் பேசினைக் கவிழ்த்து, குழாய்ப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி வைத்து, வெளி விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் வரையுங்கள். அதற்கு 15 மி.மீ. உள்ளே இன்னொரு கோடு போடுங்கள், வெட்ட வேண்டியது அந்த உள் கோட்டில்தான். உதாரணத்துக்கு, பேசின் 560 × 410 மி.மீ. என்றால் ஓட்டை 530 × 380. கவுண்டர் ஆழம் 520 என்று வைத்துக்கொண்டால், பேசினுக்கு முன்னால் 60, பின்னால் 50 மி.மீ. விடலாம். வெட்டின பிறகு முன்பக்கம் 75 மி.மீ. பலகை மிஞ்சும், அது போதும்.

வெட்டுவதற்கு முன் அலமாரிக்குள் தலையை விட்டுப் பாருங்கள். குறுக்குச் சட்டமோ டிராயரோ அந்த இடத்தில் வருகிறதா என்று பார்க்காமல் ஜிக்சாவை எடுக்காதீர்கள். குழாய்க் கைப்பிடி பின்னால் சாயும்போது சுவரில் இடிக்காதா என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. வெட்டுவது

கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் கோட்டைத் திரும்பப் போடுங்கள், மைக்கா சிதறுவது குறையும். கோட்டுக்கு உள்பக்கமாக 10 மி.மீ. துளை ஒன்று போட்டு, அதில் பிளேடை இறக்கி நிதானமாக வெட்டுங்கள். முக்கால்வாசி வெட்டியதும் நிறுத்துங்கள். ஓட்டையைவிட நீளமான ஒரு ரீப்பரைக் குறுக்கே வைத்து, வெட்டி எடுக்கப் போகும் துண்டில் மட்டும் திருகுங்கள். கடைசி அங்குலத்தில் துண்டு தன் எடையில் தொங்கி, நல்ல பக்கத்து மைக்காவையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு போகாமல் இருக்கத்தான் இது.

பேசினை ஒருமுறை சும்மா இறக்கிப் பாருங்கள். சரியாக உட்கார்ந்தால் எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள், இன்றைக்கு அதைத் திரும்ப இறக்கப் போவதில்லை.

3. வெட்டின விளிம்பை அடைப்பது

மைக்காவுக்குள் தண்ணீர் போகாது. வெட்டின குறுக்குமுகம் வேறு, அது மரத்தின் திறந்த வாய். பார்ட்டிகிள் போர்டு ஒருமுறை ஊறி உப்பினால் காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது.

உப்புத்தாளால் (120 நம்பர் போதும்) தேய்த்து, தூசியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பாலியூரித்தேன் வார்னிஷ் அடியுங்கள். முதல் கோட்டிங் பத்து நிமிடத்தில் காணாமல் போகும், பயப்பட வேண்டாம், பலகை குடித்துவிட்டது என்று அர்த்தம். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் காய விட்டு இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. பிரஷை விளிம்பின் மேல்முனையில், அதாவது மைக்காவும் பலகையும் சேரும் அந்த மெல்லிய கோட்டில் கொஞ்சம் அழுத்தியே ஓட்டுங்கள். தண்ணீர் முதலில் நுழைவது அங்கேதான். அடிப்பக்கமும் ஓட்டையைச் சுற்றி மூன்று நான்கு விரல் அகலத்துக்குப் பூசிவிடுங்கள்.

போதுமா என்று தெரிந்துகொள்ள, காய்ந்த பிறகு ஈர விரலால் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். தண்ணீர் முத்து முத்தாக நின்றால் சரி. அந்த இடம் கறுத்தால் இன்னொரு கோட்டிங். சிலர் வெள்ளைப் பசையைத் தடவி முடித்துவிடுகிறார்கள், சாதாரண வெள்ளைப் பசை ஈரத்தில் மறுபடி இளகிவிடும். சிலிக்கானை முதலில் பூசுவதும் தப்பு, அதன் மேல் வார்னிஷ் பிடிக்காது.

4. குழாய் மாட்டுவது

வார்னிஷ் காயும் நேரத்தில் பேசினை ஒரு போர்வை மேல் வைத்துக் குழாயை மாட்டிவிடலாம். பேசின் கவுண்டரில் ஏறிய பிறகு மாட்ட நினைத்தால் அலமாரிக்குள் மல்லாந்து படுத்து, முகத்தில் துரு விழ விழ நட்டைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

குழாய்த் துளை பொதுவாக 35 மி.மீ. சில பேசினில் அது பாதி மட்டும் குத்தி, மேலே மெருகு மூடியபடி வரும். அப்படியிருந்தால் மெருகுப் பக்கத்திலிருந்து கூர்முனைச் சுத்தியலால் நடுவில் சின்னச் சின்னதாகத் தட்டித் திறந்து, பிறகு ஓரத்துக்கு வாருங்கள். அடியிலிருந்து தட்டினால் மேல்பக்க மெருகு செதில் செதிலாகப் பெயரும்.

இரண்டு கனெக்‌ஷன் ஹோஸையும் குழாயில் கையால் திருகி, ஸ்பேனரில் ஒரு சின்ன இறுக்கம் மட்டும் கொடுங்கள். அங்கே தண்ணீரை நிறுத்துவது ரப்பர் ஓ-ரிங், அதை நசுக்கினால்தான் ஒழுகும். குழாய்க்கு அடியில் வரும் ரப்பரைப் பள்ளத்தில் வைத்து, ஹோஸ்களைத் துளை வழியாக இறக்கி, அடியில் முதலில் குதிரை லாட வடிவ ரப்பர், அதன் மேல் அதே வடிவ இரும்புத் தகடு, அப்புறம் நட். முழுதாக இறுக்கும் முன் குழாயின் மூக்கு வேஸ்ட் துளையை நேராகப் பார்க்கிறதா என்று முன்னால் நின்று பாருங்கள்.

5. பாப்-அப் வேஸ்ட்

வேஸ்ட்டின் உடம்பில் பக்கவாட்டில் நீளமான திறப்பு இருக்கும். பேசினில் மேலே இருக்கும் ஓவர்ஃப்ளோ துளை வழியாக இறங்கும் தண்ணீர், பீங்கானுக்கு உள்ளேயே இருக்கும் பாதையில் வந்து, இந்தத் திறப்பு வழியாகத்தான் வேஸ்ட்டுக்குள் சேரும். ஓவர்ஃப்ளோ இல்லாத பேசினுக்குத் திறப்பில்லாத வேஸ்ட் வாங்க வேண்டும், இது அதற்குப் பொருந்தாது.

இதனால் ஒரு சிக்கல் உண்டு. மேல் வளையத்தை எவ்வளவு நன்றாக அடைத்தாலும் ஓவர்ஃப்ளோ தண்ணீர் வேஸ்ட் உடம்பைச் சுற்றி நிற்கும், அங்கிருந்து மரை வழியாக நட்டைத் தாண்டிக் கீழே சொட்டும். ஆகவே அடைப்பு இரண்டு இடத்தில் வேண்டும். மேல் வளையத்துக்கு அடியில் மெல்லிய சிலிக்கான் வளையம் ஒன்று. அடியில், கூம்பு ரப்பரின் குறுகிய முனை மேலே பார்க்க, அது உட்காரும் இடத்து மரையைச் சுற்றியும் கொஞ்சம் சிலிக்கான். திறப்புக்குள் சிலிக்கான் போய்விடக் கூடாது, போனால் ஓவர்ஃப்ளோவே அடைபடும்.

உடம்பை இறக்கி, பக்கத்துத் துளை சுவர்ப் பக்கம் பார்க்கும்படி வைத்து, ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் சுற்றுங்கள். உடம்பு சேர்ந்து சுற்றினால் மேலே வைத்த சிலிக்கான் வழிந்து போகும். கை இறுக்கத்துக்கு மேல் கால் சுற்று, அதிகம் போனால் அரைச் சுற்று. பீங்கான் விரிசல் விட்டால் ஒட்ட வழியில்லை.

இனி பந்து வைத்த கம்பி. மூடியை மேலிருந்து போட்டு, கம்பியைப் பக்கத்துத் துளையில் நுழைத்து, அதன் முனை மூடியின் அடிக் கண்ணுக்குள் போனதை உறுதி செய்துவிட்டு நட்டைப் போடுங்கள். இதை அதிகமாக இறுக்கினால் கம்பி முரண்டு பிடிக்கும், தளர்த்தினால் சொட்டும். இரண்டு விரலால் கம்பியை ஆட்ட முடியும், ஆனால் விட்ட இடத்தில் நிற்கும் என்கிற அளவு வேண்டும். குழாய்க்குப் பின்னால் இறங்கும் தூக்குக் கம்பியையும் இதையும், வரிசையாகத் துளை போட்ட பட்டை ஒன்று இணைக்கும். மூடி முழுதாக இறங்கவில்லை என்றால் பட்டையில் வேறு துளைக்கு மாற்றிப் பாருங்கள்.

6. கவுண்டரில் ஏற்றும் முன் சோதனை

வேஸ்ட்டில் பூசிய சிலிக்கான் ஒரு நாள் காயட்டும். பிறகு பேசினை இரண்டு ஸ்டூல்களுக்கு நடுவில் வைத்து, அடியில் வாளி வைத்து, மூடியை அடைத்து ஓவர்ஃப்ளோ வழியாகத் தண்ணீர் போகும் வரை ஊற்றுங்கள். நட்டைச் சுற்றி ஒரு டிஷ்யூ பேப்பரை மாலை மாதிரி சுற்றி வைத்துக் கால் மணி நேரம் காத்திருங்கள். பேப்பரின் மேல் ஓரம் நனைந்தால் கூம்பு ரப்பர் சரியாக உட்காரவில்லை. பந்து நட்டில் சொட்டினால் இன்னும் கொஞ்சம் இறுக்கினால் போதும். வெளியே எங்கும் ஈரமில்லை, மட்டம் மட்டும் இறங்குகிறது என்றால் மூடியின் ரப்பரையும் பட்டையையும் பாருங்கள்.

7. இறக்கி ஒட்டுவது

விளிம்பின் அடியில், வெளி ஓரத்திலிருந்து 5 மி.மீ. உள்ளே தள்ளி, விட்டுப் போகாமல் ஒரே கோடாகச் சானிடரி சிலிக்கான் போடுங்கள். கல் கவுண்டருக்கு நியூட்ரல் வகை மட்டுமே, புளிப்பு வாடை வரும் வகை பளிங்கைக் கெடுக்கும். ஹோஸ்களை முதலில் ஓட்டைக்குள் விட்டு, இரண்டு பேராகப் பேசினை நேராக இறக்குங்கள். சாய்த்து இழுத்தால் சிலிக்கான் ஒரு பக்கம் வழிக்கப்பட்டுவிடும். அடியில் கிளிப் இருந்தால் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பிதுங்கியதைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே இழுப்பில் வழித்துவிட்டு, ஒரு நாள் தண்ணீர் காட்டாமல் விடுங்கள்.

மறுநாள் ஹோஸ்களை ஆங்கிள் வால்வில் மாட்டுங்கள், இடது சுடுதண்ணீர், வலது பச்சைத் தண்ணீர். அடியில் பாட்டில் டிராப். முதல் தடவை குழாயைத் திறக்கும்போது மூக்கிலிருக்கும் சல்லடையைக் கழற்றி வைத்துவிடுங்கள், பைப்பில் இருக்கும் மண்ணும் டேப் துணுக்கும் போன பிறகு மாட்டிக்கொள்ளலாம்.

ஒரு வாரம் கழித்து டார்ச் அடித்து அடியில் வெட்டு விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள். எங்காவது ஈரம் தட்டினால், மேலே அதே இடத்துக்கு நேராகச் சிலிக்கான் கோட்டில் ஒரு இடைவெளி இருக்கும். அந்தத் துண்டை மட்டும் கீறி எடுத்து, நன்றாகக் காயவைத்து, புதிதாகப் போட்டால் போதும். பேசினைத் தூக்க வேண்டியதில்லை.