பில்லை ஒருநாள்கூட தவறவிட்டதில்லை, அப்புறம் ஏன் சிபில் ஸ்கோர் இறங்கியது?

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம் என்று போன வருஷம் சிபில் ஸ்கோரைப் பார்த்தால், 781ல் இருந்தது 739 ஆகியிருந்தது. கிரெடிட் கார்டு வாங்கி ஏழு வருஷம் ஆகிறது, ஒருமுறைகூட பில் தாமதமானதில்லை, வட்டி என்று ஒரு ரூபாய் கட்டியதில்லை. வங்கி ஏதோ தவறாக ஏற்றிவிட்டது என்ற கோபத்தில் அறிக்கையை இறக்கி வரி வரியாகப் படித்தேன். தவறு எதுவும் இல்லை. முந்தைய மாதம் பிரிட்ஜையும் பையனின் பள்ளிக் கட்டணத்தையும் ஒரே கார்டில் தேய்த்திருந்தேன், மாறியிருந்தது அது ஒன்றுதான்.

கார்டு லிமிட்டில் எத்தனை சதவீதத்தைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்பதும் ஸ்கோரில் சேரும். லிமிட்டை முட்டும் அளவுக்குச் செலவு செய்கிறவருக்குக் கையில் பணம் இறுக்கமாக இருக்கலாம் என்பது கடன் கொடுக்கிறவர்களின் கணக்கு. அது பிரிட்ஜா, பண நெருக்கடியா என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது.

1. அறிக்கையை எடுங்கள்

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நேராக அவர்கள் தளத்திலேயே எடுங்கள். இலவச ஸ்கோர் ஆப்கள் எனக்குப் பிடிக்காது. நம் ஸ்கோரை நாமே பார்ப்பதால் அது குறையாது, ஆனால் ஆப்பைப் போட்ட மறுநாளிலிருந்து பர்சனல் லோன் வேண்டுமா என்று போன் வர ஆரம்பித்துவிடும்.

அறிக்கையில் ஒவ்வொரு கார்டுக்கும் மூன்று வரிகள் போதும்: Credit Limit, Current Balance, அந்தத் தொகை எந்தத் தேதியின் நிலவரம் என்று சொல்லும் Date Reported. பக்கத்தில் High Credit என்று ஒன்று இருக்கும், அது இதுவரை அந்தக் கார்டில் ஏறிய அதிகபட்சத் தொகை. நான் முதலில் அதைத்தான் பாக்கி என்று நினைத்துப் பதறினேன்.

2. கணக்குப் போடுங்கள்

```
விகிதம் = Current Balance ÷ Credit Limit × 100
```

என்னிடம் இரண்டு கார்டுகள். ஒன்றின் லிமிட் 80,000, இன்னொன்று 1,20,000. முதல் கார்டில் 62,000, இரண்டாவதில் 4,000 பாக்கி இருந்தது. மொத்தமாகப் பார்த்தால் 2,00,000க்கு 66,000, அதாவது 33 சதவீதம், அப்படியொன்றும் மோசமில்லை. தனியாகப் பார்த்தால் முதல் கார்டு 77.5 சதவீதத்தில் நிற்கிறது. ஒரே கார்டு நிரம்பி வழிவதையும் ஸ்கோர் கணக்கு கவனிக்கும் என்பதால் இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள்.

3. தேதியைக் கண்டுபிடியுங்கள் (நான் வழுக்கிய இடம்)

கார்டுக்கு இரண்டு தேதிகள் உண்டு. பில் போடும் தேதி, பணம் கட்டக் கடைசித் தேதி. எனக்கு பில் 12ஆம் தேதி வரும், கடைசித் தேதி அடுத்த மாதம் 1. ஏழு வருஷமாக 30ஆம் தேதி வாக்கில் முழுத் தொகையையும் கட்டி, நான் ரொம்ப ஒழுங்கான ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வட்டியைப் பொறுத்தவரை ஒழுங்குதான். ஆனால் வங்கி தகவல் அனுப்பும் நாளில் பாக்கி என்னவோ அதுதான் அறிக்கையில் ஏறுகிறது, நான் பிற்பாடு முழுசாகக் கட்டினேனா என்பதற்கு அந்த எண் காத்திருக்காது. என் 62,000 பில்லானது, அப்படியே அறிக்கைக்குப் போனது, அதற்கப்புறம்தான் நான் கட்டினேன்.

அதனால் பெரிய செலவு வந்த மாதம் பில் வரும்வரை காத்திருக்காமல் முன்னாலேயே ஒரு பகுதியைக் கட்டிவிடுங்கள். நான் 50,000ஐ 9ஆம் தேதியே கட்டியிருந்தால் முதல் கார்டு 12,000ல் நின்றிருக்கும், 15 சதவீதம். மொத்தம் 8 சதவீதம். செலவு அதே செலவு, கட்டும் பணமும் அதே பணம், மூன்று வாரம் முன்னால் நகர்கிறது, அவ்வளவுதான்.

பில் தேதிக்கு மூன்று வேலை நாள் முன்னால் கட்டுங்கள். வேறு ஆப் வழியாகக் கட்டினால் சில நேரம் கார்டில் வரவாக இரண்டு நாள் ஆகிறது, எனக்கு வங்கியின் நெட்பேங்கிங்தான் பிடிக்கும். ஆட்டோபே போட்டிருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பில் வந்த பிறகு, கடைசித் தேதிக்கு ஓரிரு நாள் முன்னால் கையால் கட்டினால், ஆட்டோபே அதைக் கவனிக்காமல் முழுத் தொகையையும் மறுபடி எடுத்துவிடலாம். பில் வருவதற்கு முன்னால் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை, பில்லே குறைந்துதான் வரும்.

சேர்த்தது: ஒரு வாசகர், “நீங்கள் சொன்னபடி பில்லுக்கு முன்னாலேயே கட்டினேன், ஆனாலும் அறிக்கையில் 60 சதவீதம் காட்டுகிறது” என்று எழுதியிருந்தார். விசாரித்ததில், பில் 10ஆம் தேதி வந்ததும் நிம்மதியாக 13ஆம் தேதி விமான டிக்கெட் போட்டிருக்கிறார். 2025 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி வங்கிகள் அப்போது மாதத்துக்குக் குறைந்தது இரண்டு முறை, 15ஆம் தேதி நிலவரத்தையும் மாதக் கடைசி நாள் நிலவரத்தையும் அனுப்பவேண்டியிருந்தது. அவர் டிக்கெட் அந்த 15ல் மாட்டிக்கொண்டது. ஆகவே பில் தேதியை மட்டும் நம்பாதீர்கள், உங்கள் அறிக்கையில் Date Reported எதைக் காட்டுகிறது என்று பார்த்து அந்த நாளுக்கு முன்னால் பாக்கியைக் குறையுங்கள். கட்டியவுடன் ஸ்கோரைத் தேடவும் வேண்டாம். வங்கி அனுப்ப ஒரு வாரம், அதை சிபில் போன்ற நிறுவனங்கள் ஏற்ற இன்னும் சில நாள் என்று போய்விடும்.

4. எத்தனை சதவீதம் வைத்துக்கொள்வது?

30க்குக் கீழ் என்று எல்லோரும் சொல்வார்கள். அது ஒரு உத்தேச எல்லை, 29ல் சொர்க்கமும் 31ல் நரகமும் கிடையாது. ஏற ஏற மோசம், அவ்வளவுதான். என் வழக்கம்: சாதாரண மாதங்களில் எந்தக் கார்டும் 30ஐத் தாண்டாது. கடனுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்றால் இரண்டு மாதம் முன்பிருந்தே மொத்தத்தை 10க்குள் வைத்துக்கொள்வேன். வருஷம் முழுக்க 10க்குள் என்று வதைத்துக்கொள்ள அவசியமில்லை, பாக்கி இறங்கினால் அடுத்தடுத்த அறிக்கைகளில் விகிதமும் இறங்கிவிடும். தாமதமாகக் கட்டியது அப்படி இல்லை, அந்தத் தழும்பு பல வருஷம் அறிக்கையில் தெரியும்.

செலவைக் குறைக்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழி லிமிட்டை உயர்த்தக் கேட்பது. 80,000 லிமிட் 1,60,000 ஆனால் அதே 62,000 சுமார் 39 சதவீதம்தான். லிமிட் ஏறினால் செலவும் ஏறும் ஆள் என்றால் இந்தப் பக்கமே வராதீர்கள். இதே காரணத்தால் பயன்படுத்தாத பழைய கார்டை ரத்து செய்வதற்கு முன்னால் கணக்குப் போடுங்கள்: நான் இரண்டாவது கார்டை மூடியிருந்தால் 1,20,000 லிமிட் காணாமல் போயிருக்கும், மாதம் 16,000 செலவு 8 சதவீதத்திலிருந்து 20க்கு ஏறியிருக்கும்.

ஈஎம்ஐ ஆக மாற்றினால் தப்பிக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். வழக்கமாகத் தப்பிக்க முடியாது. மாதத் தவணை சின்னதாகத் தெரிந்தாலும் மீதி அசல் லிமிட்டைப் பிடித்துக்கொண்டு பாக்கியாகத்தான் நிற்கும், போதாததற்கு வட்டி வேறு.

நான் இப்போது போன் காலண்டரில் மாதம் இரண்டு நினைவூட்டல் போட்டிருக்கிறேன், 9 அன்று ஒன்று, 27 அன்று ஒன்று. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது ஸ்கோர் 776. பழைய 781 இன்னும் வரவில்லை, ஆனால் வீட்டுக் கடன் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன்.