முதுசக் காணியில் மேல்மாடி கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிவிடல் வழக்குகளுக்காகக் காணி அளக்கச் செல்லும் எனக்கு, வன்னியில் மீண்டும் மீண்டும் எதிர்ப்படுவது ஒரே காட்சிதான். தகப்பன் கட்டிய கீழ்வீட்டின் மேல் ஒரு பிள்ளை தன் செலவில் மாடிகளை எழுப்பியிருப்பார். சகோதரர்கள் பங்கு கேட்டதும், பற்றுச்சீட்டுக் கட்டொன்றை நீட்டுவார்.

பேச்சளவில் சம்மதம்

எழுத்தில் வாங்குங்கள்.

செலவழித்த பணம் முழுவதும் திரும்பி வரும் என்று நம்புவது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். நீதிமன்றம் பார்ப்பது எவ்வளவு செலவானது என்பதையல்ல. அந்தக் கட்டடத்தால் காணியின் பெறுமதி எவ்வளவு கூடியது என்பதையே. அந்தக் கூடுதலும் செலவும் வேறுபட்டால், குறைந்த தொகையே இழப்பீடாகக் கருதப்படும்.

கிளிநொச்சிப் பக்கத்தில் மூன்று சகோதரர்களுக்குச் சமபங்குள்ள காணியொன்றை எடுத்துக்கொள்வோம். மூத்தவர் வெளிநாட்டில் உழைத்த 90 இலட்சம் ரூபாயில் இரண்டு மாடிகள் கட்டினார். மதிப்பீட்டில் வெறுங்காணி 60 இலட்சம், தகப்பனின் கீழ்வீடு 30 இலட்சம், மேல்மாடிகள் 60 இலட்சம் என்று வந்தது. காணியும் கீழ்வீடும் சேர்ந்த 90 இலட்சம் மூவருக்கும் பொது என்பதால், ஆளுக்கு 30 இலட்சம். மாடிகளின் 60 இலட்சத்தையும் சேர்த்தால் மூத்தவரின் உரித்து 90 இலட்சம்.

தொகை ஒத்துப்போவதைக் கண்டு அவர் மகிழ்ந்துவிடக் கூடாது. செலவுத் தொகையோடு தன் பங்கும் சேர்ந்து 120 இலட்சம் கிடைக்கும் என்றே அவர் எண்ணியிருந்தார். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின்படி, காணியில் பங்குள்ள ஒருவர் கட்டிய பகுதியை இயன்றவரை அவருக்கே ஒதுக்க வேண்டும். ஆனால் மாடியை மட்டும் தனியே வெட்டி எடுக்க முடியாதே! கீழ்வீடும், அது நிற்கும் அரைக் காணியும் சேர்ந்தால் அந்தத் துண்டின் பெறுமதி 120 இலட்சமாகிறது. ஆகவே, இழப்பீடு கேட்டு வந்த மூத்தவர்தான் தம்பிமார் இருவருக்கும் சேர்த்து 30 இலட்சம் கொடுத்துச் சமப்படுத்த வேண்டியிருந்தது. அந்தப் பணம் அவரிடம் இல்லை; அதைத்தான் சீமெந்திலும் கம்பியிலும் போட்டுவிட்டார்.

அளவை நாளில் வராமல் இருப்பது

பூர்வாங்க அளவையின்போது, கட்டடங்களை யார் உரிமை கோருகிறார் என்பதையும் நில அளவையாளர் அறிக்கையில் குறிப்பார். வெளிநாட்டில் இருப்பவர், மாடிகள் தன்னுடையவை என்று சொல்வதற்கு ஒருவரையாவது காணிக்கு அனுப்ப வேண்டும். நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் உரிமைக்கோரிக்கையிலும் இழப்பீட்டைக் கேட்டிருக்க வேண்டும். தீர்ப்பாணை இறுதியான பின்னர் பற்றுச்சீட்டுகளுடன் வருபவரை நான் பார்த்திருக்கிறேன். அப்போது அவற்றை யாரும் புரட்டுவதில்லை.

பேமிற் காணியை உறுதிக் காணியாக எண்ணுவது

குடியேற்றத் திட்டங்களில் பேமிற்றில் இருப்பது அரச காணி. அங்கே பிரிவிடல் வழக்குக்கே இடமில்லை.