நெடுஞ்சாலை விபத்தைக் கண்டால் 108-இல் எதை முதலில் சொல்வது?

இரவு எட்டு மணிக்குத் திருச்சியிலிருந்து மதுரைக்குக் காரில் சென்றுகொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விராலிமலையைத் தாண்டிச் சற்றுத் தொலைவு சென்றதும், சாலையோரத்தில் ஓர் இருசக்கர வாகனம் கவிழ்ந்து கிடக்கிறது. அருகில் இருவர் விழுந்து கிடக்கிறார்கள். 108-ஐ அழைக்க வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அழைப்பு இணைந்த பிறகு எதை எந்த வரிசையில் சொல்வது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறோம். அதை இந்த ஒரே நிகழ்வை வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: அழைப்பதற்கு முன் பத்து நொடி

வண்டியைச் சாலையை விட்டு இறக்கி நிறுத்தி, நான்கு பக்க விளக்குகளும் விட்டுவிட்டு எரியும்படி செய்யுங்கள். பின்னால் வரும் வாகனங்களைக் கவனித்தபடி விழுந்தவர்களின் அருகில் சென்று மூன்றை மட்டும் பாருங்கள்: எத்தனை பேர் அடிபட்டிருக்கிறார்கள், கூப்பிட்டால் பதில் வருகிறதா, மூச்சுக்கு ஏற்ப மார்பு ஏறி இறங்குகிறதா. இந்த மூன்றையும் பார்க்காமல் அழைத்தால், கேள்வி வரும்போது நீங்கள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும். பதற்றம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. எண்ணை அழுத்தும் முன் ஒருமுறை மூச்சை முழுவதும் வெளியே விடுங்கள். படபடப்பில் நாம் மூச்சை அடக்கிக்கொண்டு பேசுவதால்தான் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன.

உங்களோடு வேறு சிலர் இருந்தால், அழைப்பவர் யார் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். நான்கு பேர் நான்கு விதமாக இடத்தைச் சொன்னால், நடந்தது ஒரு விபத்தா இரண்டு விபத்தா என்ற குழப்பம் கட்டுப்பாட்டு அறைக்கு ஏற்படும்.

படி 2: முதல் வாக்கியம் இடமாகவே இருக்கட்டும்

“ஆக்சிடென்ட் ஆயிடுச்சு, சீக்கிரம் வாங்க” என்றுதான் இயல்பாக வாய் தொடங்கும். ஆனால் அந்த நொடியில் இணைப்பு அறுந்துபோனால், எதிர்முனையில் இருப்பவரிடம் எங்கோ ஒரு விபத்து நடந்திருக்கிறது என்ற செய்தி மட்டுமே மிஞ்சும். இடத்தை முதலில் சொல்லிவிட்டால், பாதியில் அறுந்த அழைப்பும் பயன் தரும்.

இடத்தைச் சொல்வதற்கும் ஒரு வரிசை உண்டு. நம் ஊரில் விலாசத்தைக் கதவு எண்ணிலிருந்து தொடங்குவது பழக்கம். இங்கே அதைத் தலைகீழாக்கிப் பெரியதிலிருந்து சிறியதற்கு வர வேண்டும். 108-இல் பேசுபவர் உங்கள் ஊர்க்காரர் அல்லர். தமிழ்நாடு முழுவதிலிருந்தும் வரும் அழைப்புகளைக் கேட்பவர். புதூர் என்ற பெயரில் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. “பெட்ரோல் பங்க் பக்கத்தில்” என்பதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே முதலில் மாவட்டம், பிறகு எந்தச் சாலை, எந்த இரண்டு ஊர்களுக்கு நடுவில், கடைசியாக அடையாளம் என்று வாருங்கள்.

மாவட்டம் தெரியவில்லை என்றால் தயங்க வேண்டாம். இந்தச் சாலையே அதற்கு நல்ல எடுத்துக்காட்டு: விராலிமலை புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது, அடுத்து வரும் துவரங்குறிச்சி மறுபடியும் திருச்சி மாவட்டத்தில் இருக்கிறது, அதைத் தாண்டிய கொட்டாம்பட்டி மதுரை மாவட்டம். எல்லை எங்கே மாறுகிறது என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. தவறான மாவட்டத்தை ஊகித்துச் சொல்வதைவிட, கடைசியாகத் தாண்டிய ஊரையும் அடுத்து வரவிருக்கும் ஊரையும் சொல்வது மேல்.

ஆனால் அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே இருபது கிலோமீட்டருக்கும் மேலான தொலைவு இருப்பதால், அது மட்டும் போதாது. சாலையோரத்தில் மஞ்சள் தலை கொண்ட தேசிய நெடுஞ்சாலை மைல்கல் கண்ணில் பட்டால், அதில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரையும் எண்ணையும் அப்படியே படித்துச் சொல்லுங்கள். கல் இல்லாவிட்டால் மேம்பாலம், பிரிவுச் சாலை, கடையின் பெயர்ப்பலகை ஆகியவற்றில் ஒன்று போதும். கடைப் பலகையில் பெரும்பாலும் ஊரின் பெயரும் எழுதியிருக்கும்.

நான்கு வழிச் சாலையில் பலரும் விட்டுவிடுவது திசை. நடுவில் தடுப்பு இருப்பதால், மதுரை நோக்கிப் போகும் பக்கத்தில் நடந்த விபத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஆம்புலன்ஸ் வந்தால், அடுத்த திறப்பு வரை போய்த் திரும்பித்தான் வர முடியும். இத்தனையையும் சேர்த்தால் வாக்கியம் இப்படி அமையும்: “திருச்சி–மதுரை நான்கு வழிச் சாலை. விராலிமலை தாண்டி, துவரங்குறிச்சிக்கு முன்னால், கொடும்பாளூர் பிரிவைக் கடந்து ஒரு கிலோமீட்டர் இருக்கும். மதுரை போகும் பக்கம்.” கேட்பவர் அதைத் திருப்பிச் சொல்லும்போது குறுக்கிடாமல் கேளுங்கள், பிழை இருந்தால் அப்போதே பிடித்துவிடலாம்.

படி 3: உங்கள் எண்

அடுத்து உங்கள் கைப்பேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கங்களாகச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வழி கேட்டு அழைக்கப்போவது அந்த எண்ணைத்தான். பின்னால் வம்பு வருமோ என்ற அச்சத்தில் எண்ணைத் தர மறுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134A பிரிவு, விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவரைப் பாதுகாக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

படி 4: நிலைமை, பார்த்தது மட்டும்

“பைக் விபத்து. இரண்டு பேர். ஒருவர் பேசுகிறார், காலில் ரத்தம் வருகிறது. இன்னொருவர் கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு இருக்கிறது.” இவ்வளவே தேவை. யார் மீது தவறு, எவ்வளவு வேகத்தில் வந்தார்கள் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். தலைக்குள் ரத்தக்கசிவு என்பதைப் போல நீங்களாகவே நோயைக் கணிக்கவும் வேண்டாம். யாராவது வண்டிக்கு அடியில் சிக்கியிருந்தாலோ, தீயோ புகையோ தெரிந்தாலோ, எரிபொருள் ஒழுகினாலோ அதைக் கட்டாயம் சொல்லுங்கள். தீயணைப்புத் துறையும் வர வேண்டியிருக்கும்.

மூச்சைப் பற்றி மட்டும் சற்றுக் கவனம் வேண்டும். நினைவில்லாதவர் நீண்ட இடைவெளி விட்டு, மீன் வாயைத் திறப்பதுபோல் இழுத்து மூச்சு விட்டால் அது இயல்பான மூச்சு ஆகாது. அதை “மூச்சு இருக்கிறது” என்று சொல்லிவிடாமல், “விட்டுவிட்டு இழுக்கிறது” என்று கண்டபடியே சொல்லுங்கள். இதயம் நின்றவரிடமும் சிறிது நேரம் இத்தகைய இழுப்பு இருக்கும் என்பதால், நீங்கள் சொல்லும் அந்த ஒரு சொல் அடுத்து வரும் அறிவுரையையே மாற்றக்கூடும்.

படி 5: கேள்விகளுக்குப் பதில், பிறகு காத்திருத்தல்

“கேள்வி கேட்காமல் முதலில் வண்டியை அனுப்புங்கள்” என்று கோபப்படத் தோன்றும். அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் எந்த வண்டி, எத்தனை வண்டி என்பதை முடிவு செய்வதற்குத்தான் கேட்கிறார்கள். ஒரு சொல்லில் பதில் சொன்னால் அரை நிமிடத்தில் முடிவதை வாக்குவாதம்தான் நீட்டிக்கிறது. தெரியாததற்குத் “தெரியவில்லை” என்பதே சரியான பதில். அவர்கள் சொல்லும் வரை அழைப்பைத் துண்டிக்காதீர்கள்; ஒலிபெருக்கியில் போட்டுவிட்டால் கைகள் உதவிக்குக் கிடைக்கும்.

திரையில் Emergency calls only என்று மட்டும் தெரிந்தால் 112-ஐ அழையுங்கள். வேறு நிறுவனத்தின் கோபுரம் வழியாக அந்த அழைப்பு போகக்கூடும்.

பேசி முடித்த பிறகு வேறு யாருக்கும் அழைக்காமல், ஓட்டுநரின் அழைப்புக்காக எண்ணைக் காலியாக வைத்திருங்கள். உடன் இருப்பவர் ஒருவரைக் கைவிளக்கோடு சாலையோரத்தில், வண்டி வரும் திசையைப் பார்த்து நிற்கச் சொல்லுங்கள். மூச்சோ நினைவோ மாறினால் 108-க்கு மறுபடியும் அழைத்து, சற்று முன் சொன்ன அதே விபத்துதான் என்று குறிப்பிட்டு, மாற்றத்தைச் சொல்லுங்கள். ஒருவேளை வழியில் வந்த வேறொரு ஆம்புலன்ஸ் அவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டால் அதையும் அழைத்துச் சொல்ல வேண்டும். நமக்காக வந்துகொண்டிருக்கும் வண்டியை அவர்கள் அடுத்தவருக்குத் திருப்பிவிட முடியும்.