நட்சத்திர எழுத்தில் பெயர் தேடுவோர் செய்யும் தவறுகள்

பிள்ளை பிறந்த மறுநாளே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு அட்டவணை வந்துவிடும். 27 நட்சத்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதங்கள், ஆக 108 எழுத்துகள். “நம்ம பிள்ளைக்கு இந்த எழுத்துதான்” என்று பெரியவர் ஒருவர் முடிவாகச் சொல்ல, அன்று முதல் பத்து நாள் வீடே அந்த ஓர் எழுத்துக்குப் பின்னால் ஓடும். அந்த ஓட்டம் பெரும்பாலும் முதல் அடியிலேயே தடம் மாறிவிடுகிறது.

பாதத்தைத் தப்பாகக் கணக்கிடுவதுதான் முதல் தவறு. தினசரி காலண்டர் தாளில் “ரோகிணி மாலை 4.12 வரை” என்று இருந்தால், அந்த நாள் முழுக்க ரோகிணி என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். 4.12க்குப் பிறகு மிருகசீரிடம் தொடங்கிவிடுகிறது. பஞ்சாங்க நாள் சூரிய உதயத்தில்தான் மாறும் என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 14ஆம் தேதித் தாளில் ரோகிணி மாலை 4.12 வரை, 15ஆம் தேதித் தாளில் மிருகசீரிடம் மாலை 5.24 வரை என்று போட்டிருக்கிறது. குழந்தை 15ஆம் தேதி அதிகாலை 2.40க்குப் பிறந்தது. மிருகசீரிடத்தின் மொத்த நேரம் 25 மணி 12 நிமிடம். நான்கால் வகுத்தால் பாதத்துக்கு 6 மணி 18 நிமிடம். முதல் பாதம் இரவு 10.30 வரை, இரண்டாம் பாதம் விடிகாலை 4.48 வரை. ஆகவே குழந்தை இரண்டாம் பாதம். ஒரு பாதம் ஆறு மணி நேரம் என்று பொதுவாகச் சொல்வதை அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது. சந்திரன் ஓடும் வேகம் தினமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் நட்சத்திரம் முடியும் நேரத்தை வேறுவேறாகக் காட்டுவதும் உண்டு. 2.40 என்பது எல்லையிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கிறது. 4.40க்குப் பிறந்திருந்தால் எந்தப் பஞ்சாங்கம் என்று முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் பாதம் சொல்ல வேண்டும். அதனால் பிறந்த நேரத்தை யார் நினைவையும் நம்பாமல், பிரசவ அறையில் குறித்த பதிவிலிருந்து எடுங்கள்.

அடுத்த தவறு எழுத்திலேயே இருக்கிறது. இந்த 108 எழுத்து முறை வடமொழி ஒலிகளை வைத்து அமைந்தது. அதை ஆங்கில எழுத்தில் போட்ட அட்டவணையைப் பார்த்தால், பூரட்டாதி நான்காம் பாதத்துக்கும் ஆயில்யம் முதல் பாதத்துக்கும் ஒரே எழுத்து இருப்பது போலத் தெரியும். உண்மையில் பூரட்டாதிக்கு ‘தீபா’வில் வரும் தி வர்க்கம், ஆயில்யத்துக்கு ‘டி’ வர்க்கம். உத்திரத்தின் முதல் இரண்டு பாதங்களுக்கு டே, டோ. விசாகத்தின் கடைசி இரண்டு பாதங்களுக்கு தே, தோ. ஆங்கில எழுத்தில் இவையும் ஒன்றாகிவிடும். ஆயில்யக் குழந்தைக்கு ‘தேவி’ என்று வைத்துவிட்டு நட்சத்திரப்படி வைத்தோம் என்று நம்பும் வீடுகள் எத்தனையோ.

தமிழ் எழுத்தில் பார்த்தாலும் சிக்கல் தீராது. திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கு ‘ங’, அஸ்தம் மூன்றாம் பாதத்துக்கு ‘ண’ என்று இருக்கும். இந்த எழுத்துகளில் தொடங்கும் பெயரைத் தமிழிலும் காண முடியாது, வடமொழியிலும் தேடிப் பிடிப்பது கடினம். நாம் கணக்கிட்ட மிருகசீரிடம் இரண்டாம் பாதத்துக்கு ‘வோ’. அதிலும் இதே கதிதான். இந்த இடத்தில்தான் வீட்டார் பதறி, எழுத்தை முன்னால் ஒட்டி, பின்னால் ‘ஷ்’ அல்லது ‘விகா’ சேர்த்து, பொருளே இல்லாத ஒரு பெயரை உண்டாக்கிவிடுகிறார்கள். எனக்கு மனம் வலிப்பது இதற்குத்தான்.

ஏனென்றால் நாமகரணம் இப்படிக் கேட்கவே இல்லை. தர்மசிந்து போன்ற சடங்கு நூல்கள் ஒரு குழந்தைக்கு நான்கு வகைப் பெயர்களைச் சொல்கின்றன: குலதெய்வத்தை ஒட்டிய பெயர், பிறந்த மாதத்துக்குரிய பெயர், நட்சத்திரப் பெயர், ஊரார் அழைக்கும் வழக்குப் பெயர். நட்சத்திரத்துக்கு உரியது அவற்றில் ஒன்றுதான். ஆஸ்வலாயன கிருஹ்ய சூத்திரம் இன்னும் ஒரு படி மேலே போய், வணங்கும்போது சொல்வதற்கான தனிப்பெயர் ஒன்றை வைத்து, உபநயனம் வரை அதைத் தாய் தந்தை மட்டும் அறிந்திருக்கட்டும் என்கிறது. அழைக்கும் பெயருக்கு அங்கே வேறு இலக்கணம். ஆண் பிள்ளைக்கு இரட்டைப்படை அசை, பெண் பிள்ளைக்கு ஒற்றைப்படை அசை என்பது அதில் ஒன்று.

நட்சத்திரத்தால் பெயர் என்பதற்குப் பழைய பொருளும் வேறு. நட்சத்திரத்தின் பெயரையே குழந்தைக்குச் சூட்டினார்கள். பாணினியின் இலக்கணமே அப்படிப் பெயர் அமையும் விதத்தைச் சொல்கிறது. மணிமேகலையில் வரும் ஆதிரை, நம் தெருக்களில் இருக்கும் ரோகிணி, ரேவதி, சுவாதி எல்லாம் அந்த வழியில் வந்தவர்கள். ராஜராஜ சோழன் பிறந்தது சதயத்தில். சதயத்துக்கு அட்டவணை தரும் எழுத்துகள் கோ, ஸ, ஸி, ஸு. அவருக்கு இட்ட பெயரோ அருள்மொழி.

ஆகவே ‘வோ’ வந்த குழந்தையை என்ன செய்வது? சங்கல்பத்திலும் அர்ச்சனையிலும் நட்சத்திரம் எப்படியும் சொல்லப்படும். நட்சத்திரப் பெயர் கட்டாயம் வேண்டும் என்று வீட்டில் நினைத்தால், அதைத் தனியாக வைத்துக் காதில் சொல்லுங்கள். கூப்பிடும் பெயரைப் பொருள் பார்த்து வையுங்கள்.

பொருள் பார்ப்பதிலும் ஒரு பள்ளம் உண்டு. இணையப் பட்டியல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. ‘ஆரவ்’ என்றால் அமைதி என்று பல பட்டியல்களில் இருக்கும். வடமொழி அகராதியில் ‘ஆரவ’ என்றால் ஒலி, கூச்சல். வடமொழிப் பெயரானால் மானியர் வில்லியம்ஸ் அகராதியிலும், தமிழ்ப் பெயரானால் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியிலும் சொல்லை ஒருமுறை தேடுங்கள். இரண்டும் இணையத்தில் இலவசம். அங்கே வேர்ச்சொல்லும் கிடைக்காவிட்டால் பட்டியல் சொல்லும் பொருளை நம்ப வேண்டாம்.

சடங்கு நடக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். பத்து நாள் தீட்டு கழிந்து பதினோராம் நாள் புண்யாகவாசனம் நடக்கும். பதினாறாம் நாள், முப்பதாம் நாள் தொட்டில் போடும் வழக்கம் உள்ள வீடுகளும் உண்டு. கலச நீரில் வருணனை அழைத்து மந்திரித்து, வீட்டிலும் தாய் சேய் மீதும் தெளிப்பார்கள். தட்டில் பச்சரிசி பரப்பி மோதிரத்தால் பெயரை எழுதி, அப்பா குழந்தையின் வலக்காதில் மூன்று முறை சொல்வார். தன் பெயரைக் குழந்தை முதலில் கேட்பது பெற்றவர் வாயிலிருந்து என்பதுதான் இதன் கருத்து. மண்டபமும் மைக்கும் வைத்து, திரையை விலக்கிப் பெயரைக் காட்டும் நிகழ்ச்சியாக மாற்றும்போது இந்தக் கணம் சத்தத்தில் தொலைந்துபோகிறது. வருகிறவர்கள் ஆசையாகத் தேனைத் தொட்டு நாவில் வைப்பதையும் தடுத்துவிடுங்கள். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வரக்கூடும்.

கடைசியாக, சான்றிதழ். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்றதும், மருத்துவமனையிலேயே ஏதோ ஒரு பெயரைக் கொடுத்துவிடுகிறார்கள். பிறப்பைப் பதிவு செய்யக் குழந்தையின் பெயர் தேவையில்லை. பெயர் இடத்தை விட்டுவிட்டுப் பதியலாம். ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் கட்டணத்தோடு 15 ஆண்டு வரையிலும் சேர்க்கலாம். ஒருமுறை பதிந்த பெயரை மாற்றுவதுதான் அலைச்சல். சேர்க்கும்போது பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்கு எழுத்து சரிபார்த்து, இனிஷியல் எப்படி வரும் என்பதையும் அன்றே தீர்மானித்துக் கொடுங்கள்.