மெர்ஜ் சார்ட்டில் இன்வெர்ஷன் எண்ணுவது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அல்காரிதம் புதிதாகப் படிக்கிறவர்களின் கோடைப் பார்த்துத் திருத்துவது என் வழக்கமான வேலை. இன்வெர்ஷன் கணக்கு வந்தால், நாங்கள் படித்த காலத்தில் செய்த அதே தவறுகள்தான் இன்றும் வருகின்றன. இண்டெக்ஸ் ஒன்று தள்ளிப்போவது போன்றவை ஓட்டிப் பார்த்ததுமே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கணக்கு இதுதான். பட்டியலில் முன்னால் இருக்கும் எண், பின்னால் இருக்கும் எண்ணைவிடப் பெரியதாக இருந்தால் அந்த ஜோடி ஓர் இன்வெர்ஷன். அப்படி மொத்தம் எத்தனை ஜோடிகள்?

## பாதியாகப் பிரித்தாலே வேகம் வந்துவிடும் என்று நம்புவது

இதைப் பார்க்கும்போதுதான் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது. ஒரு மாணவர் கோடைக் கொண்டுவந்து, "ரிகர்ஷன் போட்டிருக்கேன் சார், ஆனாலும் லட்சம் எண் கொடுத்தா முடியவே மாட்டேங்குது" என்றார். பட்டியலை இரண்டாகப் பிரித்து, இரு பாதியிலும் தனித்தனியாக எண்ணியிருந்தார். அதுவரை சரி. அப்புறம் இடப்பக்கத்தில் ஓர் எண்ணும் வலப்பக்கத்தில் ஓர் எண்ணுமாக அமையும் ஜோடிகளுக்கு, லூப்புக்குள் லூப் போட்டிருந்தார்.

8 எண்களுக்கு இதன் செலவைக் கூட்டிப் பாருங்கள். மேல்மட்டத்தில் 4×4, அதாவது 16 ஒப்பீடுகள். அடுத்த மட்டத்தில் 2×2 இரண்டு முறை, 8. கடைசி மட்டத்தில் 1×1 நான்கு முறை, 4. மொத்தம் 28. எட்டு எண்களில் அமையக்கூடிய எல்லா ஜோடிகளும் 8×7/2, அதுவும் 28தான். ஒரு ஜோடிகூட மிச்சமாகவில்லை! பிரிக்காமல் நேராக எண்ணினாலும் இதே வேலைதான். லட்சம் எண்களுக்கு இது கிட்டத்தட்ட 500 கோடி ஒப்பீடுகள்.

லாபம் பிரிப்பதில் இல்லை, சேர்ப்பதில் இருக்கிறது. இரு பாதிகளும் வரிசைப்படுத்தப்பட்டு வந்தால், ஒரே ஒப்பீட்டில் பல ஜோடிகளுக்கு விடை கிடைத்துவிடும். "ஏன் சார்ட் பண்ணவில்லை?" என்று அவரிடம் கேட்டேன். "சார்ட் பண்ணிட்டா இன்வெர்ஷனே இருக்காதே சார், அப்புறம் எதை எண்றது?" என்றார். நியாயமான பயம்தான். பலர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள்.

5, 3, 8, 1, 7, 2, 6, 4 என்ற பட்டியலை எடுத்துக்கொள்வோம். இடப்பாதி 5, 3, 8, 1. அதற்குள் 4 இன்வெர்ஷன்கள். வலப்பாதி 7, 2, 6, 4. அதற்குள்ளும் 4. இவற்றை எண்ணி முடித்த பிறகுதான் ஒவ்வொரு பாதியும் வரிசையாகத் திரும்புகிறது. எண்ணியாகிவிட்டதால் உள்ளே இருந்த ஒழுங்கு கலைந்தாலும் நஷ்டமில்லை. குறுக்கே அமையும் ஜோடிக்கோ, எந்த எண் எந்தப் பாதியில் இருக்கிறது என்பது மட்டுமே முக்கியம். இடப்பாதிக்குள் 5 எங்கே நின்றாலும் அது வலப்பாதியின் 2-க்கு முன்னால்தான்.

இப்போது 1, 3, 5, 8 ஒரு பக்கம். 2, 4, 6, 7 மறுபக்கம். முதலில் 1 போகிறது. அடுத்து 2 போகும்போது இடப்பக்கம் 3, 5, 8 மிச்சம் இருக்கின்றன. மூன்றுமே 2-ஐவிடப் பெரியவை என்பது தெரிந்ததுதான், எனவே 3 கூட்டுகிறோம். 4 போகும்போது 2, 6-க்கு 1, 7-க்கு 1. ஆக 7. மொத்தம் 4+4+7=15. இந்தச் சேர்ப்புக்கு 7 ஒப்பீடுகளே ஆயின, 16 அல்ல.

```python
while i < len(L) and j < len(R):
    if L[i] <= R[j]:
        out.append(L[i]); i += 1
    else:
        out.append(R[j]); j += 1
        count += len(L) - i
out += L[i:] + R[j:]
```

ஆகவே ஃபங்ஷன் எண்ணிக்கையோடு வரிசைப்படுத்திய பட்டியலையும் சேர்த்துத் திருப்பித் தர வேண்டும். கேட்டது எண்ணிக்கை மட்டும் என்பதற்காக அதை மட்டும் திருப்பித் தந்தால், மேலே இருக்கும் மட்டத்துக்கு இரட்டை லூப்பைத் தவிர வழியில்லை. லட்சம் எண்களுக்கு மட்டங்கள் 17தான். ஒவ்வொரு மட்டத்திலும் அதிகபட்சம் லட்சம் ஒப்பீடுகள். 500 கோடி எங்கே, 17 லட்சம் எங்கே!

## `<=` இருக்க வேண்டிய இடத்தில் `<`

சமமான எண்கள் இன்வெர்ஷன் அல்ல. `<` போட்டால் 1, 1 என்ற பட்டியலுக்கே 1 என்று விடை வரும். எல்லா எண்களும் வெவ்வேறாக உள்ள சோதனைகளில் இந்தத் தவறு வெளியே தெரியாது.

## மிஞ்சிய இடப்பக்க எண்களுக்கு மறுபடி கூட்டுவது

வேண்டாம். மேலே கடைசியில் மிஞ்சிய 8-க்கான கணக்கு, வலப்பக்க எண்கள் போகும்போதே முடிந்துவிட்டது.

## எண்ணிக்கையை `int`-இல் வைப்பது

C++, ஜாவாவில் `int` 2,147,483,647 வரைதான். தலைகீழாக அடுக்கிய லட்சம் எண்களில் 4,999,950,000 இன்வெர்ஷன்கள் இருக்கும். C++-இல் `long long`, ஜாவாவில் `long` போட வேண்டும். பைத்தானில் இந்தக் கவலை இல்லை.

## மாதிரி உள்ளீட்டோடு நிறுத்திக்கொள்வது

இரட்டை லூப் கோடைத் தூக்கிப் போடாதீர்கள். 1 முதல் 5 வரையிலான எண்களை மட்டும் வைத்து, எட்டுப் பத்து நீளத்தில் தாறுமாறான பட்டியல்களை உருவாக்கி, இரண்டு கோடின் விடைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மதிப்புகள் குறைவாக இருப்பதால் சம எண்கள் தானாகவே வந்துவிடும். `<` பிழை அங்கேயே சிக்கும். `int` பிழைக்கு மட்டும் தலைகீழாக அடுக்கிய லட்சம் எண்களைத் தனியாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.