கண் விலகியிருந்தால் ஊசித்தட்டான் என்று எழுதிவிடாதீர்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பழைய ஈயக் குட்டை ஒன்றின் ஓரம். தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் காய்ந்த குச்சியின் நுனியில், கறுப்பும் மஞ்சளுமாக ஒரு பூச்சி, விரல் நீளத்துக்கு. நல்ல நெருக்கமான படம் கிடைக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு கண்களுக்கும் நடுவே தெளிவான இடைவெளி. தட்டானுக்குக் கண்கள் ஒட்டியிருக்கும், ஊசித்தட்டானுக்கு விலகியிருக்கும் என்று படித்தது நினைவுக்கு வர, படத்தின் கீழே "ஊசித்தட்டான்" என்று எழுதிவிடுகிறோம். அது தவறு. அந்தப் பூச்சி இக்டினோகோம்பஸ் டெக்கராட்டஸ், அசல் தட்டான். மலேசியக் குட்டைகளில் சாதாரணமாகக் காணக்கூடியது. வாலின் நுனிக்குச் சற்று முன்னால் இரு பக்கமும் இலை போல ஒரு சின்ன மடல் விரிந்திருக்கும்.

படித்ததில் பிழையில்லை, அது பாதி விதி என்பதுதான் சிக்கல். பெரும்பாலான தட்டான்களுக்குக் கண்கள் தலையின் உச்சியில் தொட்டுக்கொள்ளும். சிலவற்றில் ஒரு புள்ளியில் தொடும், சிலவற்றில் நீண்ட கோடாகவே ஒட்டியிருக்கும். ஆனால் நம் குட்டைப் பூச்சி சேர்ந்த கோம்பிடே குடும்பத்துத் தட்டான்களுக்குக் கண்கள் தொடுவதில்லை. ஆகவே "ஒட்டியிருக்கிறதா இல்லையா" என்று கேட்டால் இந்தக் குடும்பத்தில் ஏமாந்துபோவோம். "எவ்வளவு விலகல்" என்று கேட்க வேண்டும்.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். படத்தைத் திரையில் பெரிதாக்கி, ஒரு காகித விளிம்பை வைத்து ஒரு கண்ணின் அகலத்தைக் குறியுங்கள். அதே காகிதத்தை இரண்டு கண்களுக்கும் இடைப்பட்ட வெளியின் மேல் வையுங்கள். ஊசித்தட்டானில் அந்த வெளிக்குள் இன்னொரு கண் தாராளமாக உட்காரும். தலை குறுக்கே நீண்டு, இரு முனையிலும் குண்டு வைத்த கட்டை மாதிரி இருக்கும். கோம்பிடேயில் வெளி உண்டு, ஆனால் ஒரு கண் நுழையாது. குட்டைப் படத்தில் கண் 9 மில்லிமீட்டர், இடைவெளி 4 மில்லிமீட்டர் என்று திரையில் வந்தால் விஷயம் முடிந்தது. திரையில் எவ்வளவு பெரிதாக்கினீர்கள் என்பது முக்கியமில்லை, விகிதம் மாறாது.

அளப்பதற்கு முன்னால் படம் எந்தக் கோணத்தில் எடுத்தது என்று பாருங்கள். மேலிருந்து, அல்லது சற்று முன்புறமாக மேலிருந்து எடுத்த படம்தான் கண் இடைவெளிக்கு ஒத்துவரும். நேர் முன்னாலிருந்து எடுத்தால் வேறொரு கண்ணி இருக்கிறது. கண்களுக்கு முன்னால் நெற்றி புடைத்து நிற்கும், பல தட்டான்களில் அது மஞ்சளாகவோ சிவப்பாகவோ பளிச்சென்றும் இருக்கும். அந்த நெற்றியை இடைவெளி என்று எடுத்துக்கொண்டு, ஒட்டிய கண்ணையும் விலகிய கண் என்று சொல்லிவிடுகிறார்கள். கண்கள் சேருவது நெற்றிக்குப் பின்னால், உச்சியில். பக்கவாட்டுப் படத்திலோ ஒரு கண் மற்றதை மறைத்துவிடும். அதை வைத்து "ஒட்டியிருக்கிறது" என்றாலும் ஊகம்தான், "விலகியிருக்கிறது" என்றாலும் ஊகம்தான்.

இறக்கைக்கு வருவோம். உட்கார்ந்தால் தட்டான் விரிக்கும், ஊசித்தட்டான் முதுகின் மேல் மடக்கும் என்பது பத்தில் ஒன்பது முறை போதும் என்று தோன்றும். மீதி ஒரு முறைதான் தகராறு. லெஸ்டிடே குடும்பத்து ஊசித்தட்டான்கள் பலவும் இறக்கையைப் பாதி விரித்துத்தான் உட்காரும், பின்பக்கம் சாய்ந்த 'வி' மாதிரி. புல் நிறைந்த சதுப்புக் குட்டைகளில் தென்படும் லெஸ்டெஸ் இப்படித்தான். அதைப் பார்த்து "விரித்திருக்கிறதே, தட்டான்" என்பது வழக்கமான பிழை. அங்கே கண்ணைப் பாருங்கள், நன்றாக விலகியிருக்கும்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. உச்சி வெயிலில் சில தட்டான்கள் வாலை வானத்தை நோக்கித் தூக்கி, இறக்கைகளை முன்னும் கீழுமாகச் சாய்த்துவிடும். உடம்பில் படும் வெயிலைக் குறைக்கும் தந்திரம் இது. பக்கத்திலிருந்து படமெடுத்தால் நான்கு இறக்கையும் ஒன்றாகச் சேர்ந்து, மூடியது போலவே தெரியும். ஆகவே மூடியதா திறந்ததா என்பதை விட, இறக்கை நுனி எந்தப் பக்கம் காட்டுகிறது என்பதே நல்ல கேள்வி. வாலை ஒட்டிப் பின்னோக்கிப் போனால் ஊசித்தட்டான் பக்கம் சாயலாம். பக்கவாட்டில் அல்லது முன்னோக்கி என்றால் பெரும்பாலும் தட்டான்.

இதற்கும் ஒரு விலக்கு, காலையில். நீரிலிருந்து ஏறி, பழைய தோலைக் கழற்றி வெளிவந்த தட்டான், இறக்கை உலரும் வரை முதுகின் மேல் சேர்த்தே வைத்திருக்கும். உடம்பு வெளிறி, இறக்கை எண்ணெய் தடவினாற்போல மினுமினுக்கும். பக்கத்துத் தண்டில் வெற்றுத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். இந்த நேரத்தில் இறக்கை சொல்வதை நம்ப முடியாது, கண்ணை நம்பலாம்.

இரண்டு அடையாளமும் முரண்பட்டால் நடுவராக வருவது பின் இறக்கையின் அடிப்பகுதி. தட்டானுக்குப் பின் இறக்கை உடம்போடு சேருமிடத்தில் முன் இறக்கையை விட அகலம். ஊசித்தட்டானுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே வடிவம், கால்வாய் ஓரத்துச் சின்ன இனங்களில் அடிப்பகுதி காம்பு போல ஒடுங்கியும் இருக்கும். குட்டைப் படத்துக்குத் திரும்பினால், இறக்கை கிடையாக விரிந்திருக்கிறது, பின் இறக்கையின் அடி அகலம், கண் இடைவெளி அரைக் கண்ணுக்கும் குறைவு. மூன்றும் ஒரே பக்கம் பேசுகின்றன.

உடம்பு மெலிந்ததா பருத்ததா என்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். பெயரே ஊசி என்பதால் வரும் மயக்கம் அது. ஓடையோரத்து லிபெல்லாகோ ஊசித்தட்டான்தான், ஆனால் வால் இறக்கையை விடக் குட்டை, பார்க்கக் கட்டைக் குட்டையாக இருக்கும்.

படமெடுக்கும்போது ஒரே பூச்சியை மூன்று கோணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்: மேலிருந்து, பக்கத்திலிருந்து, சற்று முன்மேலிருந்து. பறந்துவிட்டால் துரத்த வேண்டாம். குச்சி நுனியில் உட்காரும் தட்டான்கள் பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பும், அசையாமல் நின்றாலே போதும். போனை மூக்கருகே கொண்டுபோவதை விட, சற்றுத் தள்ளி நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுப்பது மேல். ரொம்ப நெருங்கினால் பூச்சியும் போய்விடும், கூர்மை விழும் ஆழமும் சில மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். வால் தெளிவாக விழுந்து தலை மங்கிப்போன படத்தில் இரண்டு கண்ணும் ஒன்றாகக் கரைந்து ஒட்டியது போல் தெரியும். அதனால் கூர்மையைத் தலையில் தொட்டு நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படத்தில் அளக்காமல், கேமராவில் விழுந்த மூலப் படத்தில் அளந்து பாருங்கள். தலை மங்கிய படம் மட்டுமே கையில் இருந்தால் இனப்பெயர் போடாமல், "தட்டானோ ஊசித்தட்டானோ, உச்சிக் கோணம் இல்லை" என்று எழுதிவைத்து, மறுநாள் அதே குச்சிக்குப் போங்கள்.